ஒளிர்வுத் தணிப்பு மாறிலியை வலிமை விகிதங்களிலிருந்து கணக்கிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொருள் ஒளியை உறிஞ்சி, உடனே வேறு அலைநீளத்தில் ஒளிர்வதை ஒளிர்வு (ஃபுளோரசன்ஸ்) என்கிறோம். கரைசலில் சேர்க்கும் இன்னொரு பொருள் அந்த ஒளிர்வைக் குறைத்தால் அதைத் தணிப்பான் என்கிறோம். தணிப்பானின் செறிவை மாற்றி மாற்றி ஒளிர்வை அளந்து ஒரே ஓர் எண்ணைப் பெறுவதுதான் இங்கே பேசப்படும் செய்முறை. கந்தக அமிலத்தில் கரைந்த குயினைன் சல்ஃபேட்டைக் குளோரைடு அயனி தணிக்கும் வழக்கமான சோதனையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதில் வரும் பிழைகள் எல்லாச் சோடிகளுக்கும் பொருந்தும்.

F0/F வரைபடத்தின் சாய்வுதானே மாறிலி? அப்படியானால் ஒரே ஒரு செறிவில் அளந்தால் போதாதா?

கணக்குக்குப் போதும், நம்புவதற்குப் போதாது. ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும் 1919-இல் தந்த உறவு இது:

F0/F = 1 + K[Q]

இதில் F0 என்பது தணிப்பான் இல்லாதபோது உள்ள ஒளிர்வு வலிமை, F என்பது தணிப்பான் சேர்ந்தபின் உள்ள வலிமை, [Q] என்பது தணிப்பானின் செறிவு, K என்பதே தணிப்பு மாறிலி. ஒரே செறிவில் அளந்தாலும் இந்தச் சமன்பாடு ஒரு K-ஐக் கொடுத்துவிடும். அந்த ஒற்றை விடைக்குள், ஒளிரும் பொருள் இல்லாத வெற்றுக் கரைசலின் பிழையும், F0-இன் பிழையும், ஒளி உறிஞ்சலால் வரும் போலித் தணிப்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க வழியே இராது. பல செறிவுகளில் அளக்கும்போது புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா, அந்தக் கோடு அச்சை 1-இல் வெட்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தரவிடமே கேட்கலாம். என் அனுபவத்தில் சாய்வைவிட வெட்டுப்புள்ளிதான் செய்முறையின் குறைகளை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

K-இன் அலகு செறிவின் தலைகீழ் என்பதையும் மறக்க வேண்டாம். செறிவை மோலாரில் எடுத்தால் K, M⁻¹-இல் வரும். [Q] ஆனது 1/K-க்குச் சமமாகும்போது ஒளிர்வு சரிபாதியாகக் குறையும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விடை நியாயமானதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எந்தச் செறிவுகளைத் தேர்ந்தெடுப்பது, கரைசல்களை எப்படித் தயாரிப்பது?

கடைசிக் கரைசலில் F0/F சுமார் 3-ஐ எட்டும்படி உச்சச் செறிவை முடிவு செய்யுங்கள். விகிதம் 1.2-ஐக்கூடத் தாண்டாவிட்டால் சாய்வு அளவீட்டின் நடுக்கத்தில் மூழ்கிவிடும். விகிதம் 8 அல்லது 10 வரை போனால் எஞ்சும் ஒளிர்வு மிகச் சிறியதாகி, வெற்றுக் கரைசலைக் கழிக்கும்போது வரும் பிழையே அந்தப் புள்ளியை ஆளத் தொடங்கும். இடைப்பட்ட நான்கைந்து செறிவுகளைச் சம இடைவெளியில் வைத்தால் போதும்.

குயினைனுக்கு 0.05 மோலார் கந்தக அமிலத்தில் சுமார் 5 மைக்ரோமோலார் செறிவு வசதியானது. 350 நானோமீட்டரில் தூண்டி, 450 நானோமீட்டரில் அளக்கலாம். 350-இல் தூண்டும்போது நீரின் ராமன் சிதறல் 397 நானோமீட்டர் அருகே ஒரு சிறு முகடாகத் தெரியும். அளவிடும் இடம் அதிலிருந்து விலகி இருப்பது நல்லது.

தயாரிப்பில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. எல்லாக் குடுவைகளிலும் குயினைனின் செறிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே க்யூவெட்டில் தணிப்பானைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பவர்கள், 2 மில்லிலிட்டர் கரைசலில் 1 மோலார் உப்புக் கரைசலை 40 மைக்ரோலிட்டர் சேர்க்கும்போது குயினைனும் 2 சதவீதம் நீர்த்துப் போவதைக் கவனிப்பதில்லை. அந்த 2 சதவீதமும் தணிப்பாகவே கணக்கில் ஏறும். தணிப்பானின் மூலக் கரைசலை அதே செறிவுள்ள குயினைன் கரைசலிலேயே தயாரித்துக்கொண்டால், எவ்வளவு சேர்த்தாலும் குயினைன் நீர்க்காது. தணிப்பானின் செறிவை மட்டும் மொத்தக் கன அளவைக் கொண்டு திருத்தினால் போதும்.

இரண்டு பொருள்களும் மின்னேற்றம் உள்ளவை என்பதால் அயனி வலிமையும் மாறாமல் இருக்க வேண்டும். அமிலத்தில் குயினைன் இரட்டை நேர்மின்னேற்றம் கொண்டது. குளோரைடு எதிர்மின்னேற்றம் கொண்டது. உப்பு கூடக் கூட இவற்றுக்கிடையேயான ஈர்ப்பு மறைக்கப்பட்டு, மோதல்கள் குறைந்து, பின்னுள்ள புள்ளிகள் கோட்டுக்குக் கீழே சாயும். சோடியம் குளோரைடு குறைவாக உள்ள குடுவைகளில், தானே தணிக்காத ஓர் உப்பைச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். சோடியம் பெர்குளோரேட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது தணிப்பதில்லை என்பதைத் தனியாக ஒருமுறை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்களை வைத்து ஒருமுறை முழுதாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.

விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. ஆயினும் ஒரு செய்முறையில் வரக்கூடிய அளவிலும் நடுக்கத்திலும்தான் அமைத்திருக்கிறேன். குயினைன் இல்லாமல் அமிலமும் உப்பும் மட்டும் உள்ள வெற்றுக் கரைசல் 12 அலகு காட்டுகிறது என்று கொள்வோம். அதைக் கழித்தபின் கிடைத்த வலிமைகளும் விகிதங்களும்:

| குளோரைடு (மில்லிமோலார்) | கழித்தபின் F | F0/F |
|---|---|---|
| 0 | 800 | 1.000 |
| 4 | 550 | 1.455 |
| 8 | 410 | 1.951 |
| 12 | 332 | 2.410 |
| 16 | 275 | 2.909 |
| 20 | 239 | 3.347 |

இந்த ஆறு புள்ளிகளுக்கும் சாதாரண மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்தினால் சாய்வு ஒரு மில்லிமோலாருக்கு 0.1183 என வருகிறது. மோலாருக்கு மாற்றினால் K = 118.3 M⁻¹. வெட்டுப்புள்ளி 0.996. சாய்வின் திட்டப்பிழை 0.9 M⁻¹, வெட்டுப்புள்ளியின் திட்டப்பிழை 0.011. ஆகவே 0.996 என்பது 1-இலிருந்து வேறுபட்டதாகச் சொல்ல இடமில்லை; கோடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. 1/K சுமார் 8.5 மில்லிமோலார், அட்டவணையில் 8 மில்லிமோலாரில் வலிமை ஏறத்தாழ பாதியாகியிருப்பதுடன் இது ஒத்துப்போகிறது.

வெற்றுக் கரைசல் வெறும் 12 அலகுதானே, 800-க்கு முன் அது எம்மாத்திரம்? கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

800-க்கு முன் அது 1.5 சதவீதம்தான். 239-க்கு முன் அது 5 சதவீதம். இந்தச் சமமின்மையில்தான் ஆபத்து இருக்கிறது. தணிப்பான் குயினைனின் ஒளிர்வைத்தான் குறைக்கிறது. நீரின் சிதறலையும் க்யூவெட்டின் பின்புல ஒளியையும் குறைப்பதில்லை. ஆகவே கழிக்காத 12 அலகு எல்லாப் புள்ளிகளிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். விகிதத்தின் மேற்பகுதியை அது அதிகம் மாற்றாது, கீழ்ப்பகுதியை மாற்றும்.

கணக்கிட்டே பார்க்கலாம். கடைசிப் புள்ளியில் 800/239 என்பது 3.347. கழிக்காவிட்டால் அது 812/251, அதாவது 3.235. ஆறு புள்ளிகளுக்கும் இப்படிச் செய்து கோடு பொருத்தினால் K = 112.6 M⁻¹ ஆகிறது, ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. அதைவிடக் கவலை தருவது, வெட்டுப்புள்ளி 1.006 என்று மிக ஒழுங்காக வருவதுதான். வரைபடத்தைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மேற்புள்ளிகள் சற்றே கீழ்நோக்கி வளைவது கண்ணுக்குத் தெரிய, வெற்றுக் கரைசல் இதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். எனவே வெற்றுக் கரைசலைத் தனியாக அளப்பதைத் தவிர வேறு காவல் இல்லை. உச்சச் செறிவில் தணிப்பானைச் சேர்த்த வெற்றுக் கரைசலையும் அளக்க வேண்டும். தணிப்பான் உப்பில் ஒளிரும் மாசு இருந்தால் அது அங்கேதான் தெரியவரும்.

கோடு 1-இல் வெட்டவில்லை. கோட்பாடு 1 என்று சொல்வதால் கட்டாயப்படுத்தி 1 வழியாகவே கோடு வரையலாமா?

முதலில் கட்டாயப்படுத்தாமல் பொருத்துங்கள். வெட்டுப்புள்ளி தன் பிழை எல்லைக்குள் 1-ஐ உள்ளடக்கினால், அதன்பின் 1 வழியாகப் பொருத்துவதில் தவறில்லை; மேற்கண்ட தரவில் அப்படிச் செய்தால் K = 118.0 M⁻¹ வரும், வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. உள்ளடக்காவிட்டால் கட்டாயப்படுத்துவது அறிகுறியை அழிப்பதாகும்.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். பலர் வரைபடத்தின் ஆறு புள்ளிகளையும் ஆறு தனித்தனி அளவீடுகள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் F0 என்ற ஒரே அளவீடு எல்லா விகிதங்களிலும் மேலே அமர்ந்திருக்கிறது. அந்த ஓர் அளவீடு தவறினால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக நகரும். ஆனால் பூஜ்ஜியச் செறிவில் உள்ள புள்ளி மட்டும் F0/F0 என்பதால் எப்போதும் 1-இலேயே நிற்கும். அந்தப் புள்ளி தரவு அன்று, வரையறை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் F0 மட்டும் 3 சதவீதம் குறைவாக, 776 என்று பதிவானதாகக் கொள்வோம். விளக்கு முழுதாகச் சூடேறுமுன் முதல் கரைசலை அளந்தவர்களுக்கு இது நேரக்கூடியதே. 1 வழியாகக் கட்டாயப்படுத்தினால் K = 112.4 M⁻¹ என்று கிடைக்கும். F0-இல் பிழை 3 சதவீதம்தான். விடையில் அது கிட்டத்தட்ட 5 சதவீதமாகப் பெருகிவிட்டது.

இப்போது பூஜ்ஜியப் புள்ளியை விட்டுவிட்டு மற்ற ஐந்து புள்ளிகளுக்கு மட்டும் கட்டாயமின்றிக் கோடு பொருத்துங்கள். சாய்வு 115.0, வெட்டுப்புள்ளி 0.96 என்று வரும். வெட்டுப்புள்ளி 1-ஐ விட்டு விலகுவது நமக்கு எச்சரிக்கை தருகிறது. இன்னொரு நன்மையும் இங்கே உண்டு: F0-இன் பிழை சாய்வையும் வெட்டுப்புள்ளியையும் ஒரே காரணியால் பெருக்குவதால், சாய்வை வெட்டுப்புள்ளியால் வகுத்தால் அந்தக் காரணி நீங்கிவிடுகிறது. சரியான F0-ஐ வைத்தாலும், தவறான F0-ஐ வைத்தாலும் இந்த ஐந்து புள்ளிகளிலிருந்து சாய்வு ÷ வெட்டுப்புள்ளி 119.6 M⁻¹-தான். புள்ளிகள் குறைந்ததால் துல்லியம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒற்றை அளவீட்டின் பிழையிலிருந்து K விடுபடுகிறது. பழைய குறிப்பேடுகளில் வெட்டுப்புள்ளி ஒழுங்காக இல்லாத தரவு கிடைத்தால் நான் முதலில் செய்வது இந்த வகுத்தலைத்தான்.

நல்ல பழக்கம் என்னவென்றால், தணிப்பான் இல்லாத கரைசலைத் தொடரின் தொடக்கத்தில் ஒருமுறையும், நடுவில் ஒருமுறையும், இறுதியில் ஒருமுறையும் அளப்பதுதான். மூன்றும் ஒத்தால் அவற்றின் சராசரியே F0. ஒரே திசையில் நகர்ந்தால் விளக்கு நகர்கிறது, அல்லது குயினைன் ஒளியில் சிதைகிறது.

எக்செல் தரும் நேர்கோட்டுப் பொருத்தம் போதுமா?

நான் மேலே காட்டிய வகைத் தரவுக்குப் போதும். ஆனாலும் அதற்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. கருவியின் நடுக்கம் எல்லா வலிமைகளிலும் ஒரே அலகு என்று கொண்டால், விகிதத்தின் நடுக்கம் விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். F0/F = 3.35 உள்ள புள்ளி, 1 அருகே உள்ள புள்ளியைவிடச் சுமார் 11 மடங்கு நிச்சயமற்றது. சாதாரண மீச்சிறு வர்க்க முறை இரண்டையும் சமமாக நடத்துகிறது. மேலும், கோட்டின் கடைசியில் இருப்பதால் அந்த நிச்சயமற்ற புள்ளிதான் சாய்வை அதிகம் இழுக்கிறது.

விகிதத்துக்கே போகாமல் அளந்த வலிமைகளை நேரடியாகப் பொருத்துவது இதற்கு நேர்மையான தீர்வு. அப்போது F0-உம் பிற வலிமைகளைப் போல ஓர் அளவீடாக நடத்தப்படும்:

```
import numpy as np
from scipy.optimize import curve_fit
Q = np.array([0, 4, 8, 12, 16, 20]) * 1e-3
F = np.array([800, 550, 410, 332, 275, 239])
def f(q, F0, K):
    return F0 / (1 + K*q)
p, c = curve_fit(f, Q, F, p0=[800, 100])
print(p, np.sqrt(np.diag(c)))
```

இதே தரவுக்கு F0 = 801.5 ± 3.2, K = 117.9 ± 1.3 M⁻¹ என வருகிறது. K-இன் மதிப்பு சிறிதே மாறியிருக்கிறது. பிழை எல்லை மட்டும் 0.9-இலிருந்து 1.3 ஆகியிருக்கிறது. இதுவே உண்மைக்கு நெருக்கமான எல்லை என்று நான் கருதுகிறேன். நேர்கோட்டு வரைபடத்தைக் கண்ணுக்காக வரையுங்கள். அறிக்கையில் எழுதும் எண்ணை இந்தப் பொருத்தத்திலிருந்து எடுங்கள்.

என் கோடு அழகான நேர்கோடு, வெட்டுப்புள்ளியும் 1. ஆனாலும் K வெறும் 17-தான் வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கருவியைச் சந்தேகிக்கும் முன் அமிலக் குடுவையின் பெயரைப் படியுங்கள். கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குயினைனைக் கரைத்தால் இதே விடைதான் வரும். நான் மாணவனாக இருந்த ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளும் ஒரே நிறத் தொப்பியுடன் அருகருகே இருக்கும். ஒரு மதியம் முழுவதும் இந்த எண்ணைப் பார்த்துக் குழம்பி நின்றிருக்கிறேன்.

நடப்பது இதுதான். 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முதல் கரைசலிலேயே 50 மில்லிமோலார் குளோரைடு இருக்கிறது. நாம் F0 என்று எழுதுவது ஏற்கெனவே தணிக்கப்பட்ட ஒளிர்வு. தொடக்கத்திலேயே c0 செறிவு தணிப்பான் இருந்தால், மேலும் சேர்க்கும் Q-வுக்கு வரைபடம் அப்போதும் நேர்கோடுதான், வெட்டுப்புள்ளி அப்போதும் 1-தான்; சாய்வு மட்டும்

K' = K / (1 + K·c0)

என்று சுருங்கும். K = 118, c0 = 0.05 எனக் கொண்டால் வகுக்கும் எண் 6.9; K' = 17.1 M⁻¹. வரைபடத்தில் எந்தக் குறையும் தெரியாது. அமிலம் மாறியதால் வரும் சிறு வேறுபாடுகளை இங்கே விட்டுவிட்டேன், பெரும்பங்கு இதுதான்.

இந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பது விகிதம் அன்று, F0-இன் நேரடி மதிப்பு. அதே குயினைன் செறிவுக்கு முந்தைய நாள்களில் 800 காட்டிய கருவி இன்று 115 காட்டினால், விகிதங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நின்றுவிட வேண்டும். ஆகவேதான் விகிதங்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, மூல வலிமைகளை எழுதாமல் விடுவதை நான் ஏற்பதில்லை. சிறிய அளவிலும் இது நடக்கும்: வெறும் 1 மில்லிமோலார் குளோரைடு முன்பே கலந்திருந்தால் K 118-இலிருந்து 106-க்கு இறங்கிவிடும். பிஹெச் மின்முனையின் உள்ளே பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், அளக்கப்போகும் கரைசலில் அதை நேரடியாக நனைக்காமல், சிறிதளவைத் தனியே எடுத்துப் பிஹெச் பார்த்துவிட்டு அதை ஊற்றிவிடுவது நல்லது.

குளோரைடுக்குப் பதில் அயோடைடைப் பயன்படுத்தினேன். கோடு மேல்நோக்கி வளைகிறது. இது எதைக் காட்டுகிறது?

முதலில் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். அயோடைடு அமிலத்தில் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து ட்ரை அயோடைடைத் தரும். அது 350 நானோமீட்டரில், குயினைனைத் தூண்டும் அதே இடத்தில், மிகப் பலமாக ஒளியை உறிஞ்சும். உறிஞ்சல் எண் 0.1-ஐ எட்ட ஏறத்தாழ 4 மைக்ரோமோலார் ட்ரை அயோடைடே போதும். கண்ணுக்கு அது மெல்லிய மஞ்சள் சாயலாகவே தெரியும். தூண்டும் ஒளியை வழியிலேயே தடுத்துவிடுவதால் குயினைனுக்குக் குறைந்த ஒளிதான் சேர்கிறது. நாம் அதைத் தணிப்பு என்று எண்ணிவிடுகிறோம். இதற்கு உள்வடிகட்டல் விளைவு என்று பெயர்.

திருத்தம் இப்படி:

F(திருத்தியது) = F × 10^((A1 + A2)/2)

A1 தூண்டும் அலைநீளத்திலும் A2 வெளிவரும் அலைநீளத்திலும் 1 சென்டிமீட்டர் க்யூவெட்டில் அளந்த உறிஞ்சல் எண்கள். A1 மட்டும் 0.1 உயர்ந்தால் காரணி 1.12, அதாவது அந்தப் புள்ளியில் விகிதம் 12 சதவீதம் பொய்யாக உயர்ந்திருக்கிறது. தணிப்பானின் செறிவு கூடக் கூட இந்தப் பொய்யும் கூடுவதால் கோடு மேலே வளைகிறது. உறிஞ்சல் எண் மிகப் பெரியதாகும்போது இந்த எளிய வாய்பாடு பொருந்தாது. அப்போது திருத்துவதைவிடக் கரைசலைப் புதிதாகத் தயாரிப்பதே சரி. அயோடைடு மூலக் கரைசலை அன்றன்றே தயாரித்து, அதில் சுமார் 0.1 மில்லிமோலார் சோடியம் தயோசல்ஃபேட் சேர்ப்பது வழக்கம். அது உருவாகும் அயோடினை மீண்டும் அயோடைடாக்கிவிடும். ஆனால் அமிலத்தில் தயோசல்ஃபேட் மெதுவாகச் சிதைந்து கந்தகத்தைக் கலங்கலாக வெளிவிடும் என்பதால், அமிலத்துடன் கலந்தபின் தாமதிக்காமல் அளக்க வேண்டும்.

உறிஞ்சலைத் திருத்திய பிறகும் வளைவு எஞ்சினால், மோதலால் வரும் தணிப்பும் தரைநிலையிலேயே இணைந்துவிடுவதால் வரும் தணிப்பும் ஒருசேர நிகழ்வதைக் கருதலாம். அப்போது உறவு

F0/F = (1 + K_D[Q])(1 + K_S[Q])

என்று இருபடியாகும். K_D மோதலுக்கான மாறிலி, K_S இணைப்புக்கான மாறிலி. உள்வடிகட்டலை விலக்காமல் இந்தச் சமன்பாட்டுக்குத் தாவுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. இரண்டு மாறிலிகள் கையில் இருந்தால் எந்த வளைவையும் பொருத்திவிடலாம்.

K-ஐக் கொண்டு மோதல் வீதத்தைச் சொல்லலாமா? தணிப்பு எந்த வகை என்று இதிலிருந்தே தெரியுமா?

வலிமை விகிதத்திலிருந்து மட்டும் வகை தெரியாது. மோதலால் தணிந்தாலும், தரைநிலையில் இணைந்து தணிந்தாலும் வரைபடம் ஒரே மாதிரியான நேர்கோடுதான். மோதல்தான் காரணம் என்று வேறு வழியில் தெரிந்தால், K = kq·τ0; இதில் kq என்பது மோதல் தணிப்பின் வீத மாறிலி, τ0 என்பது தணிப்பான் இல்லாதபோது உள்ள ஒளிர்வு ஆயுள்.

கந்தக அமிலத்தில் குயினைனின் ஆயுள் ஏறத்தாழ 19 முதல் 20 நானோ விநாடி. 118-ஐ 19.5 × 10⁻⁹-ஆல் வகுத்தால் kq சுமார் 6 × 10⁹ M⁻¹ s⁻¹. 25 டிகிரியில் நீரில் இரு துகள்கள் விரவிச் சந்திக்கும் உச்ச வீதம் மின்னேற்றத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் சுமார் 7 × 10⁹ M⁻¹ s⁻¹. ஆகவே ஏறத்தாழ ஒவ்வொரு சந்திப்பும் தணிப்பில் முடிகிறது என்று சொல்ல இடம் இருக்கிறது. மாறாக, K 10⁴ M⁻¹ என்றும் ஆயுள் 5 நானோ விநாடி என்றும் வரும் ஒரு புரதச் சோதனையில் kq 2 × 10¹² ஆகும். அவ்வளவு வேகமாக எந்த இரு மூலக்கூறுகளும் நீரில் மோத முடியாது; அங்கே காரணம் இணைப்புத்தான், அந்த எண்ணை மோதல் வீதம் என்று எழுதுவது தவறு.

உறுதியாகச் சொல்ல ஆயுளையே அளப்பது நல்லது. மோதல் தணிப்பில் ஆயுளும் அதே விகிதத்தில் குறையும்: நம் எடுத்துக்காட்டில் 20 மில்லிமோலார் குளோரைடில் அது சுமார் 5.8 நானோ விநாடிக்கு இறங்க வேண்டும். இணைப்பால் வரும் தணிப்பில் இணையாமல் எஞ்சியவை மட்டும் ஒளிர்வதால் ஆயுள் மாறாது. ஆயுள் அளக்கும் கருவி இல்லாதவர்கள் இரண்டு மூன்று வெப்பநிலைகளில் K-ஐ அளக்கலாம். வெப்பம் கூடும்போது மோதல் தணிப்பின் K பொதுவாக ஏறும், இணைப்பின் K பொதுவாக இறங்கும். வெப்பம் கூடினால் τ0-உம் குறையக்கூடும் என்பதால் இந்தச் சான்று ஆயுள் அளவீட்டைவிட வலுக்குறைந்தது.

கோடு கீழ்நோக்கி வளைந்தால்?

வெற்றுக் கரைசலைச் சரியாகக் கழித்தீர்களா, அயனி வலிமை மாறியதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். இவை இரண்டும் இதே வளைவைத் தரும். இரண்டும் சரியானால், ஒளிரும் மூலக்கூறுகளில் ஒரு பகுதி தணிப்பானுக்கு எட்டாத இடத்தில் இருக்கலாம். புரதத்தின் உள்ளே புதைந்த ட்ரிப்டோபானும் வெளியே தெரியும் ட்ரிப்டோபானும் சேர்ந்து ஒளிரும்போது இது நேரும். அதற்கு F0/(F0 − F)-ஐ 1/[Q]-க்கு எதிராக வரைய வேண்டும். வெட்டுப்புள்ளியின் தலைகீழ் எட்டக்கூடிய பங்கைத் தரும், வெட்டுப்புள்ளியைச் சாய்வால் வகுத்தால் அந்தப் பங்குக்கான K கிடைக்கும். இந்த வரைபடத்தில் மிகக் குறைந்த செறிவுள்ள புள்ளிதான் வலக் கடைசியில் நிற்கும். அங்கே F0 − F மிகச் சிறிய வேறுபாடு என்பதால் அந்தப் புள்ளியே மிக மோசமாக நடுங்கும். அதை மும்முறையாவது அளக்காமல் இந்த முறையில் எண் எடுக்க வேண்டாம்.